கனடாவில் ஒன்றரை ஆண்டு ஒத்திகை

2017 ஜூன் மத்தியில் கனடாவின் ஐபோன்களுக்கு மட்டும் ஒரு புதிய கேம் வந்தது. பெயர் பிரால் ஸ்டார்ஸ். அணிக்கு மூன்று பேர், சில நிமிடங்களில் முடிந்துவிடும் சண்டை. தயாரித்தது ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் இருக்கும் சூப்பர்செல். க்ளாஷ் ஆஃப் க்ளான்ஸ் மூலம் உலகமே அறிந்த நிறுவனம் அது. பணத்துக்கும் குறைவில்லை, காத்திருக்கும் ரசிகர்களுக்கும் குறைவில்லை. ஆனாலும் இந்த கேமை உலகம் முழுவதற்கும் திறந்துவிட்டது 2018 டிசம்பர் 12 அன்றுதான்.

அந்த ஒன்றரை ஆண்டில் கனடாக்காரர்கள் கண்ணெதிரே கேம் உருமாறிக்கொண்டே இருந்தது. முதலில் ஃபோனை நிமிர்த்திப் பிடித்து ஒரு கையால் ஆட வேண்டியிருந்தது. பிறகு படுக்கைவாட்டில் பிடித்து ஆடும்படி மாற்றினார்கள். திரையைத் தொட்டு ஆளை நகர்த்தும் முறை போய் ஜாய்ஸ்டிக் வந்தது. தட்டையான ஓவியங்கள் முப்பரிமாண உருவங்களாயின. வீரர்களைப் பெறுவதும் அவர்களை வலுவாக்குவதும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை திருத்தப்பட்டன. ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்கு கேம் வரவே ஓராண்டு ஆனது. இதே நிறுவனத்தின் க்ளாஷ் ராயல் 2016 ஜனவரியில் சில நாடுகளில் இறங்கி, மார்ச் 2 அன்று உலகெங்கும் வந்துவிட்டதை நினைத்தால் இது நெடிய காத்திருப்பு.

சிறு பகுதி ஒன்றில் சத்தமில்லாமல் வெளியிட்டுப் பார்க்கும் இந்த வழக்கத்தை கேம் துறையில் சாஃப்ட் லாஞ்ச் என்கிறார்கள். செய்வது எளிது. ஆப்பிளின் கடையிலும் கூகுள் ப்ளேயிலும் எந்தெந்த நாட்டில் கிடைக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் போதும். எந்த நாடு என்பதில்தான் யோசனை வேண்டும். கனடாவை அடிக்கடி தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அங்குள்ளவர்களின் மொழியும் ரசனையும் செலவழிக்கும் பழக்கமும் அமெரிக்கர்களுடையதை ஒத்திருப்பது. மக்கள்தொகையோ அமெரிக்காவில் ஒன்பதில் ஒரு பங்குதான். தொடக்கம் சொதப்பினாலும் பெரிய சந்தை கெட்டுப்போகாது. சர்வர் தாங்குகிறதா, விலை குறைந்த ஆண்ட்ராய்டு ஃபோன்களில் ஓடுகிறதா என்பது மட்டுமே கேள்வி என்றால் பலர் பிலிப்பைன்ஸுக்குப் போகிறார்கள். அங்கே விளம்பரம் கொடுத்து ஆட்களைச் சேர்ப்பது மலிவு, ஆங்கிலமும் புழங்குகிறது.

சரி, ஆட்கள் வந்தாயிற்று. அவர்களிடம் எதைப் பார்ப்பது?

முக்கியமாகப் பார்ப்பது ரிட்டென்ஷன், அதாவது வந்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்பது. ஒரே நாளில் கேமை இறக்கிக்கொண்டவர்களை ஒரு குழுவாக வைத்துக்கொண்டு மறுநாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் யார் யார் வந்தார்கள் என்று எண்ணுகிறார்கள். மறுநாள் நூற்றுக்கு 40, ஏழாம் நாள் 20, முப்பதாம் நாள் 10 என்பது துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் உத்தேசக் கணக்கு.

கற்பனையாக ஒரு கேமை எடுத்துக்கொள்வோம். ஒரு திங்கட்கிழமை கனடாவில் 1,000 பேர் இறக்கிக்கொள்கிறார்கள். மறுநாள் வந்தவர்கள் 380 பேர். பரவாயில்லை என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கணக்கை ஃபோன் வகைவாரியாகப் பிரித்தால் வேறு கதை. நல்ல ஃபோன் வைத்திருக்கும் 600 பேரில் 300 பேர் திரும்பியிருக்கிறார்கள். நினைவகம் குறைந்த பழைய ஃபோன் வைத்திருக்கும் 400 பேரில் 80 பேர்தான். முதல் குழுவில் பாதி, இரண்டாவதில் ஐந்தில் ஒன்று. கேம் பாதியில் நின்றுபோன பதிவுகளைப் புரட்டினால், பழைய ஃபோன்களில் இரண்டாம் களத்தைத் திறக்கும்போது நினைவகம் நிரம்பி கேம் மூடிக்கொள்வது தெரிகிறது. புகார் எழுதியவர்கள் ஓரிருவர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் பேசாமல் அழித்துவிட்டுப் போய்விட்டார்கள். பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அந்த இடைவெளிதான்.

படங்களின் அளவைக் குறைத்து, பழுதைச் சரிசெய்து, புதிதாக 1,000 பேரைச் சேர்க்கிறார்கள். இம்முறை மறுநாள் 470 பேர் வருகிறார்கள். ஆயிரம் பேர் கொண்ட குழுவில் இந்த விகிதம் தற்செயலாகவே மூன்று சதவீதம் இப்படியோ அப்படியோ போகும். 38-லிருந்து 47-க்கு ஏறியது அதையும் மீறிய ஏற்றம். எனவே திருத்தம் வேலை செய்திருக்கிறது. அலுவலகத்தில் கேக் வெட்டத் தோன்றும்.

முப்பதாம் நாள் கணக்கு வரும்வரை பொறுத்திருப்பது நல்லது. முதல் குழுவில் அன்று மிஞ்சியவர்கள் 30 பேர், இரண்டாம் குழுவில் 36. ஆறு பேர் கூடுதல் என்பது தற்செயல் அளவுக்குள்ளேயே அடங்கிவிடும். பிழை நீங்கியும் ஆட்கள் நிற்கவில்லை. மறுநாள் கணக்கு மோசமென்றால் கோளாறு பெரும்பாலும் வாசலில் இருக்கும்: நீளமான பயிற்சிப் பகுதி, மெதுவாகத் திறப்பது, பாதியில் மூடிக்கொள்வது. மறுநாள் நன்றாக இருந்து முப்பதாம் நாள் சரிந்தால், தொடர்ந்து வர ஒரு காரணத்தை கேம் தரவில்லை என்று பொருள். இதற்கு ஒரு வாரத்தில் மருந்து கிடையாது. கேமின் வளர்ச்சிப் பாதையையே பிரித்துக் கட்ட வேண்டும். கட்டியது சரிதானா என்று தெரிய இன்னொரு குழுவும் இன்னொரு முப்பது நாளும் வேண்டும். நான்கைந்து தடவை இப்படிச் சுற்றினாலே, கட்டும் நேரத்தையும் சேர்த்து ஓராண்டு ஓடிவிடும். பிரால் ஸ்டார்ஸ் கனடாவில் கழித்த மாதங்களை இந்தக் கணக்கோடு பார்த்தால் அவ்வளவு விசித்திரமாகத் தெரியாது.

கணக்கை ஏமாற்றும் ஆபத்தும் உண்டு. சூப்பர்செல் போன்ற நிறுவனத்தின் கேம் கனடாவில் இறங்கியது தெரிந்ததும், மற்ற நாட்டு ரசிகர்கள் ஆப்பிள் கணக்கில் நாட்டைக் கனடா என்று மாற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறார்கள். யூடியூபர்கள் காணொளி போடப் போட இன்னும் கூட்டம் சேரும். இவர்கள் தீவிர ரசிகர்கள். கேம் சுமாராக இருந்தாலும் தினமும் வருவார்கள். அவர்களையும் சேர்த்து எண்ணினால் கிடைப்பது பொய்யான நம்பிக்கை. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தாமாக வந்தவர்களைத் தனியே ஒதுக்கிவிட்டு, விளம்பரம் பார்த்து வந்த அந்நியர்களின் கணக்கை நம்புகிறார்கள். இணைய முகவரி எந்த நாட்டைக் காட்டுகிறது என்றும் பார்க்கிறார்கள்.

எல்லாம் செய்தும் எண்கள் ஏறாவிட்டால் மூடிவிடுவதுதான். சூப்பர்செல்லில் அந்த முடிவை எடுப்பது கேமை உருவாக்கும் சிறு குழுவே. ஸ்மாஷ் லேண்ட் 2015-இல் இப்படி மூடப்பட்டது. 2019 ஆகஸ்டில் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் சோதனைக்கு விடப்பட்ட ரஷ் வார்ஸ் நவம்பரிலேயே கைவிடப்பட்டது. ஆடியவர்களுக்கு இது வருத்தம்தான். அவர்களில் சிலர் உண்மையான பணம் கொடுத்து அதில் பொருள்கள் வாங்கியிருப்பார்கள். சோதனைக் கேம்களிலும் விற்பனை நடப்பதற்குக் காரணம், யார் எதற்குக் காசு கொடுப்பார்கள் என்பதும் சோதிக்கப்படும் விஷயம் என்பதே. சோதனையில் இருக்கும் கேமில் பணம் போடுகிறவர் இதைத் தெரிந்து போடுவது நல்லது.

சிறு பகுதியில் தேறினால் பெரிய சந்தையிலும் தேறும் என்ற உத்தரவாதமும் இல்லை. பிரால் ஸ்டார்ஸுக்கு அடுத்து சூப்பர்செல் உலகெங்கும் வெளியிட்ட கேம் ஸ்குவாட் பஸ்டர்ஸ். 2023-இல் சில நாடுகளில் அதைச் சோதித்துப் பார்த்துத் திருத்தினார்கள். 2024-இல் மீண்டும் ஒரு குறுகிய சோதனை. நெடிய சாஃப்ட் லாஞ்ச் இல்லாமலே மே 29 அன்று உலகெங்கும் வெளியீடு. முன்பதிவு செய்து காத்திருந்தவர்கள் கோடிக்கணக்கில். 2025 அக்டோபரில், அதன் உருவாக்கத்தை நிறுத்தப்போவதாக அதே நிறுவனம் அறிவித்தது.