நாற்பது நிமிடத்தில் நான்கு பத்தி

போன வாரம் ஐ.இ.எல்.டி.எஸ். எழுத்துத் தேர்வின் முதல் பகுதியைப் பார்த்தோம். இரண்டாவதான கருத்துக் கட்டுரைக்கு மதிப்பெண் அதைப்போல இரண்டு மடங்கு. குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும். மொத்தம் 60 நிமிடத்தில் இதற்கு 40 நிமிடம் ஒதுக்கலாம்.

திருவண்ணாமலையில் என்னிடம் படிக்க வந்த செவிலியர் ஒருவர் பிரிட்டன் போக வேண்டும் என்றார். அங்கே பதிவு செய்ய எழுத்தில் 6.5 போதும், மற்ற மூன்றிலும் 7 வேண்டும். அவருடைய ஆங்கிலம் நன்றாகவே இருந்தது. ஆனால் பயிற்சிக் கட்டுரை 340 சொற்கள், ஒரே பத்தி!

“பத்தி பிரிக்க நேரமில்ல சார்” என்றார்.

பிரிக்காததால்தான் நேரம் போயிருந்தது. சுற்றுலாவால் ஓர் ஊருக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் என்பதை எவ்வளவு தூரம் ஏற்கிறீர்கள் என்பது கேள்வி. அவர் பௌர்ணமிக் கூட்டத்தில் ஆரம்பித்து, ஆட்டோ வாடகைக்குப் போய், குப்பைக்குத் தாவி, மறுபடி கடைக்காரர் வருமானத்துக்கு வந்திருந்தார். சொன்னதையே மூன்று முறை சொல்லியிருந்தார். எழுத்தின் கோர்வைக்கென்றே கால் பங்கு மதிப்பெண் உண்டு. பத்தி ஒழுங்காக இல்லையென்றால் அதில் 5-ஐத் தாண்டுவது கஷ்டம்.

அடுத்த முறை முதல் ஏழு நிமிடம் கட்டுரையைத் தொடக்கூடாது என்றேன். தாளின் ஓரத்தில் தமிழிலேயே நான்கு வரி எழுதச் சொன்னேன். ‘பெரும்பாலும் ஏற்கவில்லை’, ‘கிரிவலப் பாதைக் கடைகளுக்குப் பௌர்ணமிதான் வியாபாரம்’, ‘குப்பை சேர்வது உண்மை, ஆனால் அது நிர்வாகம் சரிசெய்யக்கூடியது’, ‘ஆகவே ஏற்கவில்லை’. சொந்த அனுபவத்திலிருந்து உதாரணம் தரலாம் என்று கேள்வித்தாளே சொல்லும்போது, 14 கிலோமீட்டர் நடந்து பழகியவர் பாரிஸைத் தேடிப் போவானேன்?

அந்த நான்கு வரிதான் நான்கு பத்தி. முதலும் கடைசியும் இரண்டிரண்டு வாக்கியம். நடுவில் உள்ளவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 90 சொற்கள். ஓரத்து வரியில் ‘மேலும்’ என்று சேர்க்கத் தோன்றினால் அந்தப் பத்தியில் இரண்டு விஷயம் புகுந்துவிட்டது என்று பொருள். ஒன்றை வெட்ட வேண்டும். அவர் ஆட்டோ வாடகையை வெட்டினார், மனசே இல்லாமல்.

வாக்கியத்துக்கு வாக்கியம் ‘மோர்ஓவர்’, ‘ஃபர்தர்மோர்’ போடும் பழக்கமும் அவருக்கு இருந்தது. நம் பயிற்சி மையங்கள் பல கற்றுத்தரும் வியாதி இது. இணைப்புச் சொல்லை இயந்திரம்போல அடுக்கினால் திருத்துபவர் அதையும் குறையாகவே எடுப்பார். பத்தி சரியாக இருந்தால் அவற்றில் பாதி தானாக உதிரும்.

இன்னொன்று, கணினியில் எழுதினால் சொல் எண்ணிக்கை திரையில் தெரியும். தாளில் தெரியாது. அவர் கையெழுத்தில் வரிக்கு ஒன்பது சொல் வந்தது. முப்பது வரிக்குள் முடித்துவிடச் சொன்னேன்.

இரண்டாம் முயற்சியில் 268 சொற்கள். ஐந்து நிமிடம் மிச்சம். அதில் படித்துப் பார்த்து, பன்மை ‘எஸ்’ விட்டுப்போன நான்கு இடங்களைத் திருத்தினார்.

(தொடரும்)