மூன்றில் இரண்டு பங்கு தூரம்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா, கான்சஸ் மாநிலங்களுக்கு மேலே விமானத்தில் போகிறவர்கள் கீழே பச்சை வட்டங்களைப் பார்க்கலாம். கட்டம் போட்ட தாளில் காம்பஸால் வரைந்ததுபோல் அவ்வளவு கச்சிதமாக இருக்கும். நிலம் சதுரம்தான், தண்ணீர் பாய்வதுதான் வட்டமாக. ஃபிராங்க் ஸைபாக் என்ற விவசாயி உருவாக்கி, 1952-இல் காப்புரிமை பெற்ற பாசன இயந்திரத்தின் வேலை அது. வயலின் நடுவே தண்ணீர் மேலேறும் ஒரு தூண். அதிலிருந்து கிடைமட்டமாக நீளும் குழாயைச் சக்கரம் வைத்த கோபுரங்கள் தாங்கி நிற்கும். குழாய் முழுவதும் தூணைச் சுற்றி மெல்ல நகர்ந்தபடி தண்ணீர் தெளிக்கும்.

குழாயின் நீளம் பெரும்பாலும் 400 மீட்டரை ஒட்டி இருக்கும். அப்படியானால் வட்டத்துக்குள் ஏறக்குறைய 124 ஏக்கர் அடங்கும். இந்த வட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சோளச் செடியைத் தொடுகிறோம். எல்லாச் செடிக்கும் ஒரே வாய்ப்பு. இப்படித் தொடும் செடி நடுத்தூணிலிருந்து சராசரியாக எவ்வளவு தூரத்தில் இருக்கும்?

மிகக் குறைந்தது 0, மிக அதிகம் 400, ஆகவே 200 என்றுதான் பலரும் சொல்வார்கள். சரியான விடை சுமார் 267 மீட்டர். ஆரத்தில் பாதி அல்ல, மூன்றில் இரண்டு பங்கு. தூணில் ஏறும் ஒரு சொட்டுத் தண்ணீர் மண்ணில் விழும் முன் குழாய்க்குள் சராசரியாக ஓடும் தூரமும் இதுவேதான்.

ஏன் என்று பார்க்க வயலை 100 மீட்டர் அகலமுள்ள நான்கு வளையங்களாகப் பிரிக்கலாம். அகலம் ஒன்றுதான் என்றாலும் பரப்பு ஒன்றல்ல. உள்வட்டத்தின் பரப்பை 1 என்று வைத்தால் அடுத்தவை 3, 5, 7. மொத்தம் 16 பங்கு. கடைசி வளையத்தில் மட்டும் வயலின் 44 சதவீதம் இருக்கிறது. நடுவட்டத்தில் 6 சதவீதம்தான். தொட்ட செடி வெளியே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இனி ஒவ்வொரு வளையத்துக்கும் அதன் நடுத்தூரத்தை எடுத்துக்கொள்வோம்: 50, 150, 250, 350 மீட்டர். இவற்றை முறையே 1, 3, 5, 7 ஆல் பெருக்கிக் கூட்டினால் 4,200. அதை 16-ஆல் வகுத்தால் 262.5. இது தோராயம்தான், ஏனென்றால் 100 மீட்டர் அகல வளையத்தில் எல்லாச் செடியையும் ஒரே தூரத்தில் நிறுத்திவிட்டோம். 50 மீட்டர் வளையங்களாக எட்டாகப் பிரித்தால் 265.6 வருகிறது. வளையம் மெலிய மெலிய விடை 266.67-ஐ நெருங்கும். அந்த மெலிதலைக் கடைசிவரை கொண்டுபோவதுதான் தொகையீடு.

வட்டத்துக்குத் துருவ ஆயத்தொலைவுகள் பொருத்தமானவை. ஒரு புள்ளியை மையத்திலிருந்து அதன் தூரம் r, அது இருக்கும் திசையின் கோணம் θ என்ற இரண்டால் குறிக்கிறோம். குழாய் மிகச் சிறிய கோணம் dθ திரும்பும்போது, மையத்திலிருந்து r தூரத்தில் உள்ள ஒரு துளை நகரும் நீளம் r dθ. குழாயில் dr நீளமுள்ள துண்டு அந்த நேரத்தில் கடக்கும் நிலம், நீளம் r dθ, அகலம் dr கொண்ட குட்டிச் செவ்வகம் மாதிரி. அதன் பரப்பு r dr dθ. இந்த r-தான் முழுக் கதையும். தூணுக்குப் பக்கத்தில் துண்டு நிலம் ஒடுங்கும், விளிம்பில் விரியும்.

சராசரி தூரம் வேண்டுமானால் ஒவ்வொரு துண்டின் தூரத்தையும் அதன் பரப்பால் பெருக்கிக் கூட்டி, மொத்தப் பரப்பு πR²-ஆல் வகுக்க வேண்டும்:

```
(1/πR²) ∫₀^2π ∫₀^R r · r dr dθ
= (1/πR²) · 2π · R³/3
= 2R/3
```

இங்கே இரண்டு r நிற்கின்றன. ஒன்று நாம் அளக்க வந்த தூரம். மற்றது பரப்போடு வந்தது. உள்ளே உள்ள தொகையீடு எந்தத் திசைக்கும் R³/3 என்றே வருவதால், கோணம் 2π என்ற பெருக்கலோடு நின்றுவிடுகிறது.

கல்லூரி மாணவர்கள் அடிக்கடி தொலைப்பது இரண்டாவது r-ஐத்தான். தொலைத்தால் விடை 1 என்று வரும். வயல் பத்து மீட்டரானாலும் பத்துக் கிலோமீட்டரானாலும் 1. மீட்டர் என்ற அலகும் காணாமல் போயிருக்கும். தூரத்தைக் கேட்டால் அலகில்லாத எண் வந்து நிற்கிறது என்றால், பரப்பை எழுதிய இடத்தில்தான் பிழை.

வயலிலும் இதே தவறு நடக்கும், அங்கே அது அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. இயந்திரம் சீராகத் தெளிக்கிறதா என்று சோதிக்கக் குழாய் போகும் பாதையில், தூணிலிருந்து விளிம்புவரை, சம இடைவெளியில் கிண்ணங்களை வைப்பார்கள். 50, 150, 250, 350 மீட்டரில் வைத்த கிண்ணங்களில் 30, 26, 24, 20 மில்லிமீட்டர் தண்ணீர் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். சாதாரணச் சராசரி 25. ஆனால் கடைசிக் கிண்ணம் முதல் கிண்ணத்தைப்போல் ஏழு மடங்கு நிலத்துக்காகப் பேசுகிறது. 1, 3, 5, 7 என்று எடை போட்டுக் கணக்கிட்டால் வயலுக்குக் கிடைத்தது 23 மில்லிமீட்டர்தான். 25 என்று நம்பும் விவசாயி, தன் நிலத்தின் பெரும்பகுதியைத் தாகத்தோடு விட்டிருப்பார். அதனால்தான் இந்தச் சோதனையில் ஒவ்வொரு கிண்ணத்தின் அளவையும் அதன் தூரத்தால் பெருக்கிய பிறகே சராசரி பார்க்கிறார்கள். தெளிப்பான்களும் இதே விதிக்குக் கட்டுப்பட்டவை. சம இடைவெளியில் பொருத்தினால், 350 மீட்டரில் இருப்பது 50 மீட்டரில் இருப்பதைவிட ஏழு மடங்கு தண்ணீர் விட வேண்டும்.

கணினியில் வட்டத்துக்குள் சமவாய்ப்பாகப் புள்ளிகளைத் தூவ நினைப்பவர்களுக்கும் இந்தப் பள்ளம் காத்திருக்கிறது. கோணத்தில் சிக்கல் இல்லை, தூரத்தில்தான்.

```
r = R * random()        # தவறு
r = R * sqrt(random())  # சரி
```

முதல் வரி எல்லாத் தூரத்துக்கும் ஒரே வாய்ப்பைத் தருகிறது. அதனால் புள்ளிகள் நடுவில் மொய்க்கும், சராசரி 200-க்கு இறங்கும். r தூரத்துக்குள் அடங்கும் நிலத்தின் பங்கு r²/R² என்பதால் வர்க்கமூலம் தேவைப்படுகிறது. சரிபார்க்க எளிய வழி உண்டு. பாதி ஆரத்துக்குள் விழுந்த புள்ளிகளை எண்ணுங்கள். கால்வாசி இருந்தால் சரி. பாதி இருந்தால் வர்க்கமூலத்தை மறந்திருக்கிறீர்கள்.

2R/3 என்ற விடைக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. செடிகள் வயல் முழுக்க ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். தூரத்தை நடுத்தூணிலிருந்தே அளக்க வேண்டும். வட்டத்தின் விளிம்பில் உள்ள வாசலிலிருந்து அளந்தால் கணக்கே வேறு. அப்போது சராசரி 32R/9π, அதாவது 400 மீட்டர் ஆரமுள்ள வயலில் சுமார் 453 மீட்டர்.