ரப்பர் தோட்டத்துத் தேன்: பெட்டி முதல் பரிசோதனை வரை

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், குலசேகரம், அருமனை வட்டாரங்களில் கிடைக்கும் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் மரத்தின் இலையிலிருந்து வருகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையை முழுக்க உதிர்த்துவிட்டுப் புதிதாகத் துளிர்க்கின்றன. மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. தளிர் இளசாக இருக்கும்வரை அவற்றில் இனிப்பு நீர் கசியும். இலை முதிர்ந்ததும் நின்றுவிடும். தோட்டத்துக்குத் தோட்டம் துளிர்க்கும் நாள் முன்பின்னாக இருப்பதால், பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை அந்த வட்டாரத்தில் தேன் வரத்து இருக்கும். அங்கே பக்கத் தொழிலாகத் தேனீ வளர்ப்பவருக்கு ஆண்டு வருமானம் அநேகமாக இந்தச் சில வாரங்களில்தான் கிடைக்கிறது. மற்ற மாதங்களின் உழைப்பெல்லாம், அந்த வாரங்கள் வரும்போது பெட்டி நிறையத் தேனீக்கள் இருக்க வேண்டும் என்பதற்காகவே.

இந்த வட்டாரத்தில் பெட்டியில் வளர்ப்பது பெரும்பாலும் இந்தியத் தேனீ. மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் பல அடைகளை அடுக்காகக் கட்டி வாழும் இனம் இது. பாறையிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீயைப் பெட்டிக்குள் பழக்க முடியாது. இந்தியத் தேனீயின் உடல் அளவுக்குப் பொருந்தும் சிறிய பெட்டியை 1910-களில் நியூட்டன் பாதிரியார் தென்னிந்தியாவில் வடிவமைத்தார். இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராம மையம் இத்தொழிலை ஊர்மக்களிடம் பரப்பியது. தேனீ வளர்ப்போரின் கூட்டுறவுச் சங்கம் 1937-இல் உருவானது.

பெட்டியின் அமைப்பு எளிமையானது. அடிப்பலகையின் மேல் புழு அறை. அதில் சட்டங்கள் தொங்கும். ராணி முட்டையிடுவதும் புழு வளர்வதும் இங்கேதான். அதன் மேல், தேன் வரும் காலத்தில் மட்டும் வைக்கப்படும் தேன் அறை. எல்லாவற்றுக்கும் மேலே மூடி. சட்டங்களுக்கு இடையிலான இடைவெளி எல்லாப் பெட்டியிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் தேனீக்கள் குறுக்கே அடை கட்டிச் சட்டங்களை ஒட்டிவிடும். குறைந்தால் நடமாட இடமிருக்காது. மலிவாகக் கிடைக்கிறதென்று ஈரம் காயாத மரத்தில் செய்த பெட்டியை வாங்கினால் ஒரு மழைக்காலத்திலேயே பலகை வளைந்து இந்த அளவு கெடும். பெட்டியை நிறுத்தும் கால்களின் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது எறும்புக்காக. இதைச் சில நாள் மறந்தாலே ஒரு கூட்டம் பெட்டியை விட்டுப் பறந்துவிடலாம்.

பஞ்சகாலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை நீடிக்கும். மழையில் தேனீக்களால் வெளியே போக முடியாது. போனாலும் தேன் இருக்காது. சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்த பாகை வாரம் ஒருமுறை, கூட்டத்துக்குச் சுமார் 200 கிராம் சர்க்கரை என்ற கணக்கில், மாலை நேரத்தில் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பகலில் வைத்தால் அடுத்த பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும். கூட்டம் குறைந்து, தேனீக்கள் மூடாத பழைய அடைகளை அப்போதைக்கப்போது எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் மெழுகுப்பூச்சியின் புழு அதில் நூலாம்படை பின்னித் துளைத்துக்கொண்டு போகும். பசி, எறும்பு, மெழுகுப்பூச்சி ஆகிய மூன்றுமே இந்தியத் தேனீ கூட்டத்தோடு ஓடிப்போவதற்கு வழக்கமான காரணங்கள்.

அக்டோபர் முதல் கூட்டம் பெருகும். ரப்பரில் இனிப்பு நீர் உண்டே தவிர, புழுவுக்குத் தேவையான மகரந்தம் போதாது; பக்கத்தில் தென்னையும் வேறு பூமரங்களும் இருக்கும் இடத்தில்தான் கூட்டம் நன்றாக வளரும். நெரிசல் கூடியதும் அடையின் கீழ் விளிம்பில் ராணி அறைகள் தொங்கத் தொடங்கும். கூட்டத்தில் பாதி பிரிந்து பறக்கப்போகிறது என்பதன் அறிகுறி அது. நவம்பர், டிசம்பரில் இதைக் கண்டால் அந்தக் கூட்டத்தை இரண்டாகப் பிரித்துப் புதுப் பெட்டி அமைத்துக்கொள்ளலாம். ஜனவரிக்குப் பிறகு பிரித்தால் இரண்டு கூட்டமும் பலமின்றி அந்த ஆண்டுத் தேன் கைக்கு வராது. அப்போது ராணி அறைகளைக் கிள்ளிவிடுவதே முறை.

நோய்களில் மிகக் கொடியது தாய் சாக்புரூட் எனப்படும் வைரஸ் நோய். 1990-களின் தொடக்கத்தில் அது தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதியை அழித்தது. மூடப்படாத அறைகளில் புழுக்கள் செத்து, நீர் நிறைந்த சிறு பை போல வெளியே வருவதே அடையாளம். இதற்கு மருந்தில்லை. பாதித்த பெட்டியின் சட்டங்களை மற்றப் பெட்டிகளுக்கு மாற்றாமலிருப்பதும், நோயைத் தாங்கி நின்ற கூட்டங்களிலிருந்தே அடுத்த தலைமுறையைப் பெருக்குவதும்தான் வழி.

தளிர் அரும்பும் சமயத்தில் தேன் அறையை ஏற்ற வேண்டும். அறுவடை, வாரம் அல்லது பத்து நாளுக்கொருமுறை. லேசாகப் புகைகாட்டித் தேனீக்களை விலக்கி, தேன் அறைச் சட்டங்களை மட்டும் எடுத்து, மூடிய அறைகளின் மெழுகுத் தோலைக் கத்தியால் சீவி, கையால் சுற்றும் எந்திரத்தில் வைத்துச் சுழற்றினால் தேன் தெறித்து வெளியேறும். அடை உடையாது, திரும்பப் பெட்டியில் வைத்தால் தேனீக்கள் மறுபடி நிரப்பும். புழு அறையில் கைவைக்கக் கூடாது. அது கூட்டத்தின் சாப்பாடு.

பத்துப் பெட்டி வைப்பவரின் கணக்கு எப்படி அமையும்? விலைகள் ஊருக்கும் ஆண்டுக்கும் மாறும். இங்கே கொள்பவை கணக்கு வழிக்கான உத்தேசம் மட்டுமே. பெட்டியும் காலும் 1,600 ரூபாய், தேனீக் கூட்டம் 1,400 ரூபாய் என்றால் பத்துக்கு 30,000. தேன் எடுக்கும் எந்திரம், புகைமூட்டி, முகவலை, கத்தி, வாளிகளுக்கு 8,000. ஆக முதலீடு 38,000. ஆண்டுச் செலவில் சர்க்கரை, கூட்டத்துக்கு 3 கிலோ வீதம் 30 கிலோ. பழுதுபார்ப்பையும் சேர்த்து 2,500 ரூபாய் என வைக்கலாம். பத்தில் இரண்டு கூட்டம் ஓடிப்போகும் என்று எதிர்பார்ப்பதே நிதானம். நல்ல ரப்பர் பகுதியில் பலமான கூட்டம் ஆண்டுக்கு 10 கிலோவும் அதற்கு மேலும் தரும். ஆனால் பிப்ரவரியில் தப்பி வரும் ஒரு மழையோ, தளிரைத் தாக்கும் சாம்பல் நோயோ வரத்தை வெட்டிவிடும். எனவே எட்டுப் பெட்டிக்கு 8 கிலோ வீதம் 64 கிலோ எனக் கொள்வோம். மொத்த வியாபாரியிடம் கிலோ 180-க்குக் கொடுத்தால் 11,520. செலவு போக 9,020. முதல் திரும்ப நான்கு ஆண்டுக்கு மேலாகும். அதே தேனைப் பாட்டிலில் அடைத்து 400-க்கு நேரடியாக விற்றால் 25,600. பாட்டில், முத்திரைத்தாள், பரிசோதனைக்கு 5,000 கூடுதலாகப் போனாலும் 18,100 மிஞ்சும். முதல் இரண்டே ஆண்டில், சற்றே கூடுதலான காலத்தில் திரும்பும். தேனீ இரண்டு கணக்கிலும் ஒன்றே. தேன் கலப்படமற்றது என்று வாங்குபவரை நம்பவைக்க முடிந்ததே வித்தியாசம்.

அதை வீட்டுச் சோதனைகளால் காட்ட முடியாது. தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போய் நிற்க வேண்டும், தாளில் ஊறக் கூடாது, திரியில் தோய்த்தால் எரிய வேண்டும் என்பவையெல்லாம் தேனின் கெட்டித்தன்மையையும் ஈரத்தையுமே காட்டுகின்றன. இயல்பிலேயே நீர்ப்பு மிகுந்த ரப்பர் தேன் இவற்றில் ‘தோற்கும்’. கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப்பாகு ‘வெல்லும்’. உறைவதும் கலப்பட அடையாளமல்ல. குளுக்கோஸ் மிகுந்த தேன் சீக்கிரம் பூத்து உறையும். ரப்பர் தேன் அந்த வகை. பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகிவிடும்.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ரப்பர் தேன் அதைத் தாண்டுவது சாதாரணம். தாண்டினால் தேனிலுள்ள ஈஸ்ட் பெருகி நுரைத்துப் புளிக்கும். அடையில் முக்கால் பங்கு அறைகளாவது மெழுகால் மூடப்படும்வரை பொறுத்திருப்பது முதல் தீர்வு. ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கைக்கருவியின் கண்ணாடியில் ஒரு துளி வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் ஈர அளவு அங்கேயே தெரியும். ஈரம் கூடியிருந்தால் வெந்நீருக்குள் பாத்திரத்தை வைத்து மெதுவாகச் சூடாக்குவார்கள். அடுப்பில் நேரடியாகக் காய்ச்சினால் எச்.எம்.எஃப். என்ற பொருள் தேனில் கூடும். அதற்கும் கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்ற உச்சவரம்பு உண்டு.

சர்க்கரையைக் கண்டுபிடிப்பது ஆய்வகத்தின் வேலை. கரும்பும் மக்காச்சோளமும் கார்பனை உள்வாங்கும் விதம் பெரும்பாலான தேன் தரும் செடிகளிலிருந்து மாறுபட்டது. அதனால் அவற்றின் சர்க்கரையில் கார்பன்-13 அளவு வேறாக இருக்கும். ஐசோடோப் சோதனை இதைக் காட்டிக்கொடுக்கும். பஞ்சகாலத்துக்குக் கொடுத்த பாகை நிறுத்தாமல், தேன் அறை ஏற்றிய பிறகும் வைத்துக்கொண்டே இருந்தால், கலப்பட எண்ணமே இல்லாதவரின் தேனிலும் கரும்புச் சர்க்கரை ஏறி இச்சோதனையில் சிக்கும். துளிர் காலத்துக்கு முன்பே பாகை நிறுத்திவிட வேண்டியதற்கு இதுவே காரணம். அரிசியிலிருந்து செய்யும் பாகோ இச்சோதனையில் தப்பிவிடும். 2020 டிசம்பரில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவில் விற்கும் 13 தேன்களை என்.எம்.ஆர். என்ற காந்த அதிர்வுச் சோதனைக்கும் உட்படுத்தியபோது மூன்று மட்டுமே எல்லாச் சோதனையிலும் தேறின.

பத்துப் பெட்டிக்காரர் ஒவ்வொரு அறுவடைக்கும் என்.எம்.ஆர். செய்வது கட்டுப்படியாகாது. அவர் செய்யக்கூடியது வேறு. ஒவ்வொரு அறுவடையையும் தனி வாளியில் வைத்து எண் கொடுத்து, எடுத்த தேதி, பெட்டிகள், ஈர அளவு, கடைசியாகப் பாகு வைத்த நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைப்பது. பருவத்துத் தேனின் ஒரு மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்குவது. உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணையும் அறுவடை எண்ணையும் பாட்டிலில் அச்சிடுவது. ஒவ்வொரு அறுவடையிலிருந்தும் ஒரு சிறு பாட்டில் முத்திரையிட்டு எடுத்துவைத்தால், பின்னால் யாராவது சந்தேகம் எழுப்பினாலும் அதே தேனைச் சோதனைக்கு அனுப்ப முடியும்.