திரும்பிய கப்பல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

ஒரு கப்பல் க என்னும் துறைமுகத்திலிருந்து 065° திசைகோளில் 40 கடல் மைல் சென்று ச என்னும் இடத்தை அடைகிறது. அங்கே திரும்பி 140° திசைகோளில் 30 கடல் மைல் சென்று த என்னும் இடத்தில் நிற்கிறது. இப்போது அது துறைமுகத்திலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில் இருக்கிறது?

திசைகோள் எப்போதும் வடக்கிலிருந்து தொடங்கி, கடிகார முள் சுற்றும் பக்கமாக அளக்கப்படும். மூன்று இலக்கங்களில் எழுதுவதால் 065° என்பதில் ஓர் இலக்கம் விடுபட்டால் உடனே தெரிந்துவிடும்.

கணக்கின் உயிர், ச-வில் அமையும் கோணத்தில் இருக்கிறது. பலர் 140-இலிருந்து 65-ஐக் கழித்து 75° என்று எழுதிவிடுகிறார்கள். அது கப்பல் தன் பாதையிலிருந்து திரும்பிய கோணமே தவிர, முக்கோணத்தின் உட்கோணம் அல்ல. உட்கோணத்தைக் காண, ச-வில் நின்று க-வைத் திரும்பிப் பார்க்க வேண்டும். வந்த வழிக்கு நேர் எதிர்த் திசை 65 + 180, அதாவது 245°. கப்பல் அடுத்துச் செல்லும் திசை 140°. இரண்டுக்கும் இடைப்பட்டது 105°. ஒவ்வொரு புள்ளியிலும் வடக்குக் கோடு ஒன்றை வரைந்துகொண்டால் இது கண்ணுக்கே தெரியும்.

இப்போது இரு பக்கங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட கோணமும் கையில் உள்ளன. கொசைன் விதிக்கு இவையே போதும்.

கத² = 40² + 30² − 2 × 40 × 30 × cos 105°

105° விரிகோணம், அதன் கொசைன் −0.2588. கழித்தல் குறிகள் இரண்டும் சேர்ந்து கூட்டலாகின்றன: 2500 + 621 = 3121. வர்க்கமூலம் ஏறத்தாழ 55.9 கடல் மைல்.

விடை சரியா என்று சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ச-வில் செங்கோணம் இருந்திருந்தால் தூரம் சரியாக 50 ஆகும். விரிகோணம் என்பதால் அதைவிடக் கூடுதலாகவே வர வேண்டும். தவறான 75° கோணத்தைப் போட்டிருந்தால் 43.3 வந்திருக்கும், 50-க்குக் குறைந்த அந்த எண்ணே பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

திசைக்குச் சைன் விதி உதவும். க-வில் உள்ள கோணத்தின் சைன் = 30 × sin 105° ÷ 55.87 = 0.5187. கோணம் 31.2°. சைன் மதிப்பு ஒன்றுக்கு 148.8° என்ற மற்றொரு விடையும் உண்டு. ஆனால் முக்கோணத்தில் ஏற்கெனவே ஒரு விரிகோணம் இருப்பதால் அதற்கு இங்கே இடமில்லை. கப்பல் ச-வில் வலப்புறம் திரும்பியதால் இந்தக் கோணத்தை 65°-உடன் கூட்ட வேண்டும். க-விலிருந்து த-வின் திசைகோள் 096.2°. கப்பல் நேராகத் துறைமுகம் திரும்ப, அதனுடன் 180°-ஐக் கூட்டினால் 276.2°.

இந்த முறை கடற்பரப்பைத் தட்டையானதாகக் கொள்கிறது. சில பத்து கடல் மைல்களுக்கு அதனால் பெரிய பிழை வராது. பெருங்கடலைக் கடக்கும் பயணங்களில் பூமியின் வளைவு குறுக்கிடுவதால் கோள முக்கோணவியல் தேவைப்படும்.