134/84: நோயா, இல்லையா?

வயது 58. சர்க்கரை நோய் இல்லை, புகைப்பழக்கம் இல்லை. மருத்துவமனையில் இரண்டு மூன்று முறை பார்த்ததில் இரத்த அழுத்தம் சராசரியாக 134/84. இந்த மனிதர் பாஸ்டனில் வசித்தால் அவருக்கு 'முதல் நிலை உயர் இரத்த அழுத்தம்' என்று கோப்பில் எழுதப்படும். லண்டனில் வசித்தால் அவருக்கு அந்த நோயே இல்லை. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டியைப் பின்பற்றும் மருத்துவரிடம் போனால், 'அழுத்தம் கூடியிருக்கிறது, ஆனால் இன்னும் நோயாகவில்லை' என்ற இடைப்பட்ட வகையில் வைப்பார்.

மூவரும் ஒரே ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தவர்கள்தான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 2017இல் வகுத்த கணக்கு இது. மேல் எண் 120க்குக் கீழும் கீழ் எண் 80க்குக் கீழும் இருந்தால் இயல்பு. மேல் எண் மட்டும் 120 முதல் 129 வரை போனால் 'சற்று உயர்வு'. 130-139 அல்லது 80-89 என்றால் முதல் நிலை. 140 அல்லது 90ஐத் தொட்டால் இரண்டாம் நிலை. இரண்டு எண்களில் எது மோசமோ அதை வைத்தே நிலை முடிவாகும். 2025 திருத்தத்திலும் இந்தப் படிகள் மாறவில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்புக்கோ 140/90தான் வாசல். அங்கே 160/100 இரண்டாம் நிலை, 180/120 மூன்றாம் நிலை. ஆக, அமெரிக்காவில் இரண்டாம் நிலையில் இருக்கும் 145/92, பிரிட்டனில் முதல் நிலை.

இந்தச் சண்டை பழையது. 1950களில் பிரிட்டனில் ராபர்ட் பிளாட், உயர் இரத்த அழுத்தக்காரர்கள் தனி இனம், மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்ட முடியும் என்றார். ஜார்ஜ் பிக்கரிங் மறுத்தார். உயரம் போல அழுத்தமும் மக்களிடையே தொடர்ச்சியாகப் பரவிக் கிடக்கிறது, நடுவே இயற்கை போட்ட கோடு எதுவும் இல்லை என்பது அவர் வாதம். பிக்கரிங் சொன்னதே சரி என்று பின்னாளில் தெரிந்தது. பத்து லட்சம் பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2002இல் வெளியான ஆய்வு, 40 முதல் 69 வயதுவரை உள்ளவர்களிடம் 115/75லிருந்தே ஆபத்து ஏறத் தொடங்குவதைக் காட்டியது. மேல் எண் 20 கூடும்போதெல்லாம் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் சாகும் வாய்ப்பு இரு மடங்காகிறது. 139க்கும் 141க்கும் நடுவே உடலுக்குள் புதிதாக எதுவும் நடந்துவிடுவதில்லை.

கோடு இல்லாத இடத்தில் மனிதர்கள்தான் கோடு போட வேண்டும். நோய்ப்பரவலியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் ஒரு நடைமுறை அளவுகோல் தந்தார்: சிகிச்சையால் வரும் நன்மை, அதனால் வரும் தீமையைத் தாண்டும் இடமே நோயின் தொடக்கம். நேர்மையான வரையறை. ஆனால் நன்மையையும் தீமையையும் எடைபோடுபவர் யார் என்பதைப் பொறுத்து கோடு நகரும்.

அமெரிக்கக் கோடு நகர்ந்ததற்குப் பெரிய காரணம் 'ஸ்பிரிண்ட்' என்ற ஆய்வு. 50 வயதைக் கடந்த, இதய ஆபத்து அதிகமுள்ள 9,361 பேர். சர்க்கரை நோயாளிகளும் முன்பு பக்கவாதம் வந்தவர்களும் சேர்க்கப்படவில்லை. ஒரு பாதிக்கு மேல் எண்ணை 140க்குக் கீழும், மறு பாதிக்கு 120க்குக் கீழும் கொண்டுவர முயன்றார்கள். முதல் குழுவுக்குச் சராசரியாக இரண்டுக்குச் சற்றுக் குறைவான மருந்துகள், இரண்டாம் குழுவுக்கு ஏறக்குறைய மூன்று. நன்மை தெளிவாகத் தெரிந்ததால் 2015இல், திட்டமிட்ட காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவை கால்பங்கு குறைந்திருந்தன.

கால்பங்கு என்பது காதுக்குப் பெரிதாக விழும். ஆயிரம் பேராக மாற்றிப் பார்க்கலாம். மூன்றேகால் ஆண்டில், 140 இலக்கு வைத்த ஆயிரம் பேரில் சுமார் 68 பேருக்கு இதய பாதிப்பு நேர்ந்தது. 120 இலக்கில் 52 பேருக்கு. மிச்சம் 16 பேர். அதே ஆயிரம் பேரில் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டவர்கள் 25லிருந்து 41 ஆனார்கள்; அங்கேயும் கூடுதல் 16தான். மயங்கி விழுந்தவர்களும் தீவிர குறை அழுத்தம் கண்டவர்களும்கூட அதிகம். மறுபுறம், உயிரிழப்பும் குறைந்தது. மீண்டுவிடக்கூடிய சிறுநீரகப் பாதிப்பையும் மீளாத பக்கவாதத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாதுதான். ஆனாலும் ஒரு குழு 'பார், பதினாறு பேரைக் காப்பாற்றினோம்' என்றும், இன்னொரு குழு 'எந்த விலைக்கு?' என்றும் கேட்பதில் வியப்பில்லை.

நம் 58 வயதுக்காரரைப் போன்றவர்கள் பெரும்பாலும் அந்த ஆய்வுக்குள் வந்தே இருக்க மாட்டார்கள். அவர்களில் ஆயிரத்துக்கு 20 பேருக்குத்தான் அதே காலத்தில் பாதிப்பு வரும் என்று வைத்துக்கொள்வோம். அதில் கால்பங்கு குறைந்தால் பயன் 5 பேருக்கு. மருந்தின் பக்கவிளைவு மட்டும் அதே விகிதத்தில் குறையும் என்று நம்ப முடியாது. இதனால்தான் 2017இல் அமெரிக்கக் குழு, பெயரை 130க்கு இறக்கினாலும், முதல் நிலையில் மாத்திரை எல்லோருக்கும் வேண்டாம் என்றது. பத்தாண்டு இதய ஆபத்து 10 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்கும், இதய, சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் மட்டும் மருந்து. ஒரே நாளில் நோயாளிகளின் பங்கு பெரியவர்களில் 32லிருந்து 46 சதவீதமாகத் தாவியது; புதிதாக மாத்திரை தேவைப்பட்டவர்களோ ஏறக்குறைய 2 சதவீதம்தான். அதிகம் மாறியது பெயர்.

அமெரிக்கக் குடும்ப மருத்துவர்களின் சங்கம் இதை ஏற்கவில்லை. ஒரே ஆய்வுக்கு அளவுக்கு மீறிய எடை தரப்பட்டது என்பது ஒரு குறை. ஸ்பிரிண்ட் ஆய்வை வழிநடத்தியவரே வழிகாட்டிக் குழுவுக்கும் தலைமை வகித்தார் என்பது இன்னொரு குறை. அந்தச் சங்கம் 140/90 இலக்கிலேயே நிற்கிறது.

இதற்கெல்லாம் மேலாக, அளக்கும் விதம் என்ற சிக்கல் இருக்கிறது. பலரும் இதைத்தான் கவனிப்பதில்லை. ஸ்பிரிண்டில் நோயாளி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு கருவி தானே மூன்று முறை அளந்து சராசரி எடுத்தது. பல இடங்களில் அறையில் வேறு யாருமே இல்லை. வழக்கமான கிளினிக்கில் படியேறி வந்து உட்கார்ந்ததும், சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே அளப்பார்கள். அப்போது அளவு 5 முதல் 10 வரை கூடிக் காட்டுவது சகஜம். தடித்த கைக்குச் சிறிய பட்டை போட்டால் இன்னும் கூடும். ஆய்வில் கிடைத்த 120, கிளினிக்கில் 130 ஆகத் தெரியலாம். 120ஐச் சோதித்த ஆய்விலிருந்து 130 என்ற இலக்கு பிறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பிரிட்டனிலோ, மருத்துவமனையில் எடுத்த அளவை மட்டும் நம்பி யாரையும் நோயாளியாக்குவதில்லை. வீட்டிலோ, 24 மணி நேரக் கருவியாலோ எடுத்த சராசரி 135/85ஐத் தாண்ட வேண்டும்.

இந்தியாவின் உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் பொதுவாக 140/90க்குக் கீழ் என்ற இலக்கை வைத்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் நினைவில் வைக்கவும், மாத்திரை தீராமல் பார்த்துக்கொள்ளவும் ஒரே எண் போதும். 160இல் இருப்பவரை 138க்குக் கொண்டுவருவதில் கிடைக்கும் பயன், 134இல் இருப்பவரை 124க்கு இறக்குவதைவிடப் பல மடங்கு. பணமும் ஆளும் குறைவாக உள்ள இடத்தில் முதலாமவரைத் தேடிப் போவதே சரியான கணக்கு.

80 வயதைக் கடந்தவர்களிடம் கோடு மீண்டும் நகர்கிறது. நைஸ் அவர்களுக்கு 150/90 வரை விட்டுக்கொடுக்கிறது. ஆனால் ஸ்பிரிண்டில் 75ஐத் தாண்டியவர்களும் 120 இலக்கால் பயன்பெற்றார்கள். எந்தப் பக்கம் சாய்வது என்பதை, உட்கார்ந்து எடுத்த அளவோடு, எழுந்து நின்றபின் எடுத்த அளவையும் ஒப்பிட்டுத்தான் மருத்துவர் முடிவு செய்கிறார். நின்றதும் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்குபவருக்கு, இலக்கைக் குறைப்பதற்கு முன் மருந்துச் சீட்டைத்தான் திருத்துவார்.