மின்தேக்கி மாட்டும் முன்

ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். 250 கேவிஏ டிரான்ஸ்பார்மர், 200 கிலோவாட் சுமை, பவர் ஃபேக்டர் 0.80. கணக்குப்படி டிரான்ஸ்பார்மர் 250 கேவிஏவையும் சுமக்கிறது. புதிதாக ஒரு மோட்டாருக்குக்கூட இடமில்லை. மோட்டார்கள் காந்தப்புலத்துக்காக வாங்கித் திருப்பித் தரும் மின்சாரம்தான் இப்படி இடத்தை அடைக்கிறது. அதைப் பக்கத்திலிருந்தே கொடுப்பவை மின்தேக்கிகள்.

0.98-க்கு உயர்த்த எவ்வளவு வேண்டும்? 0.80-க்கான டேன்ஜென்ட் மதிப்பு 0.75, 0.98-க்கு 0.20. வித்தியாசம் 0.55. அதை 200-ஆல் பெருக்கினால் 110 கேவிஏஆர். சுமை 204 கேவிஏவாக இறங்கிவிடும்.

முன்மொழிவுகள் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடுகின்றன. வில்லங்கம் இனிமேல்தான். மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்கள் 50 ஹெர்ட்ஸின் 5, 7 மடங்கு அலைகளையும் கிளப்புகின்றன. டிரான்ஸ்பார்மரின் இம்பிடென்ஸ் 4.5 சதவீதம் என்றால் குறுக்குச்சுற்றுத் திறன் சுமார் 5,550 கேவிஏ. அதை 110-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 7.1. ஏழாம் அலையோடு ஒத்ததிர்வு! மின்தேக்கி உப்பும், ஃபியூஸ் அடிக்கடி போகும். கிளாம்ப் மீட்டரில், வழக்கமான 153 ஆம்பியரைத் தாண்டிக் காட்டும்.

மின்தேக்கியோடு தொடராக 7 சதவீத ரியாக்டர் வைத்தால் அதன் ஒத்ததிர்வு 189 ஹெர்ட்ஸுக்கு, ஐந்தாம் அலைக்கும் கீழே, நகர்ந்துவிடும். ரியாக்டர் மின்தேக்கியின் வோல்டேஜை ஏற்றுவதால், 415-க்குப் பதில் 480 வோல்ட்டோ அதற்கு மேலோ தாங்கும் மின்தேக்கிதான் வாங்க வேண்டும்.