எழுத்து விரியும், எண் அசையாது

பாரிஸின் லா ஷப்பல் பகுதியிலிருந்து லண்டனுக்கு ரயிலில் இரண்டேகால் மணி நேரம்தான். நடந்து போகும் தூரத்தில் இருக்கும் நிலையத்தில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குக் கல்யாண மண்டபத்தில் இருக்கலாம். ஆனால் பிரான்ஸில் பல வருடம் வேலை பார்த்து, குடியிருப்பு அட்டை வைத்திருப்பவரானாலும், கடவுச்சீட்டு இலங்கையுடையது என்றால் அந்த ரயிலில் ஏறுவதற்கு முன் பிரிட்டன் விசா வேண்டும். செலவுக்குப் பணம் இருக்கிறது, அது எங்கிருந்து வருகிறது என்று காட்ட விசா ஃபைலில் பேங்க் ஸ்டேட்மெண்ட் வைப்பது வழக்கம். அவருடைய ஸ்டேட்மெண்டோ முழுக்கப் பிரெஞ்சில் இருக்கும்.

ஆங்கிலத்திலோ வேல்ஸ் மொழியிலோ இல்லாத ஆவணத்தோடு முழு மொழிபெயர்ப்பும் இருக்க வேண்டும் என்பது பிரிட்டன் விதி. மொழிபெயர்த்தவர் இது மூலத்தின் சரியான மொழிபெயர்ப்பு என்று உறுதி சொல்லி, தேதி போட்டு, முழுப்பெயரும் கையெழுத்தும் தொடர்பு விவரமும் தர வேண்டும். ஒரு பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்ப்பதோடு ஒப்பிட்டால் இது எளிய வேலையாகத் தெரியும். பக்கத்தில் பாதி எண்கள்தானே! உண்மையில் தவறு நடப்பது அந்த எண்களிலும், அவற்றின் அருகே வெட்டி ஒட்டிய மாதிரி நிற்கும் மூன்றெழுத்து நான்கெழுத்துச் சுருக்கங்களிலும்தான்.

முதலில் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடுவோம். மேலே வங்கியின் பெயர், கணக்கு வைத்திருப்பவர், கணக்கு எண், எந்த மாதம் என்ற விவரம். அடுத்து தொடக்க இருப்பு ஒரு வரி. பிறகு வரிசையாகத் தேதி, வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் கொள்ளும் தேதி, விவரம், பற்று, வரவு. கடைசியில் பற்று மொத்தம், வரவு மொத்தம், முடிவு இருப்பு. நம் ஊர் பாஸ்புக்கில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே மிச்சம் எவ்வளவு என்று அச்சாகும். பிரான்ஸின் வழக்கமான மாத ஸ்டேட்மெண்டில் அந்தப் பத்தி இருக்காது. விசா அதிகாரிக்கு வசதியாக இருக்கட்டும் என்று சிலர் கணக்குப் போட்டு ஒரு பத்தியைச் சேர்த்துவிடுகிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் செய்யக்கூடாது. மூலத்தில் இல்லாத ஓர் எண் மொழிபெயர்ப்பில் வந்துவிட்டால் அது மொழிபெயர்ப்பாக இருக்காது. யூரோவைப் பவுண்டாக்கிப் போடுவதும் இதே வகைதான்.

இனிச் சுருக்கங்கள். அடிக்கடி வருபவை பத்துப் பன்னிரண்டுக்குள் அடங்கும். `VIR` என்றால் கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் மாற்றுவது. `PRLV` என்றால் மின்சார நிறுவனம், தொலைபேசி நிறுவனம் போன்றவர்கள் முன்பே பெற்ற அனுமதியின்படி தாங்களே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வது; ஆங்கிலத்தில் டைரக்ட் டெபிட். `CB` வங்கி அட்டையில் கட்டியது. `RET DAB` ஏ.டி.எம்.மில் எடுத்த பணம். `ECH PRET` கடன் தவணை. `COTIS` கணக்கு வைத்திருப்பதற்கு வங்கி பிடிக்கும் கட்டணம். `CAF` என்று வந்தால் அது குடும்ப உதவித்தொகை தரும் அரசு அமைப்பு. இந்த கடைசிச் சுருக்கத்தை விரிக்காமல் விட்டால், மாதாமாதம் யாரோ காசு போடுகிறார்களே, யார் அது என்ற கேள்வி அதிகாரிக்கு எழும்.

விரிக்கும்போது ஒரு முறையைக் கடைப்பிடிப்பது நல்லது. சுருக்கத்தை மூலத்தில் உள்ளபடியே எழுதி, அடுத்துச் சதுர அடைப்புக்குள் விரிவைத் தர வேண்டும். அப்போது பிரெஞ்சுப் பக்கத்தையும் ஆங்கிலப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், பிரெஞ்சு தெரியாவிட்டாலும் எந்த வரி எந்த வரிக்கு என்று விரல் வைத்துப் பொருத்திவிடலாம்.

பெரிய பொறி காசோலையில் இருக்கிறது. `CHQ` என்று மட்டும் இருந்தால் கணக்கு வைத்திருப்பவர் பிறருக்குக் கொடுத்த காசோலை, பற்று. `REM CHQ` என்று இருந்தால் அவருக்கு வந்த காசோலையை அவர் வங்கியில் போட்டது, வரவு. முன்னே ஒட்டிய மூன்றெழுத்தைக் கவனிக்காமல் இரண்டையும் ஒன்றாக எழுதிவிட்டால் பணம் போகும் திசையே மாறிவிடும். `AVOIR` என்பதும் இப்படித்தான். அகராதியைத் திறந்தால் முதலில் வேறு பொருள்தான் கிடைக்கும். ஸ்டேட்மெண்டில் அது கடையில் திருப்பிக் கொடுத்த பொருளுக்கு அட்டைக்குத் திரும்பி வந்த பணம். சந்தேகம் வந்தால் அகராதியை மூடிவிட்டுத் தொகை எந்தப் பத்தியில் நிற்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை. ரொக்கமாகப் போட்ட பணத்தையும் மாற்றல் மூலம் வந்த பணத்தையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடக்குவது அதைவிட மோசம். பணத்தின் மூலம் என்ன என்பதுதானே அந்த ஃபைலில் கேட்கப்படும் கேள்வி.

தெரியாத சுருக்கம் வந்தால்? ஊகிக்கக் கூடாது. மூலத்தில் உள்ளபடி விட்டு, சுருக்கம் மூலத்தில் இவ்வாறே உள்ளது என்று அடைப்புக்குள் எழுதலாம். நேரமிருந்தால் கணக்கு வைத்திருப்பவர் வழியாக வங்கியிடமே கேட்கலாம். விவர வரியில் இடம் போதாமல் பாதியில் நறுக்கப்பட்ட நிறுவனப் பெயர்களும் வரும். மீதி எழுத்து என்னவென்று நமக்குத் தெரிந்தாலும் சேர்க்கக் கூடாது, நறுக்கியபடியே இருக்கட்டும்.

அடுத்தது காற்புள்ளி. பிரெஞ்சில் யூரோவையும் சென்டையும் பிரிப்பது காற்புள்ளி. ஆயிரத்தைப் பிரிப்பது ஓர் இடைவெளி. `1 846,20` என்று அச்சாகியிருப்பது ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு யூரோ இருபது சென்ட். ஆங்கிலத்தில் அது `1,846.20`. சில வங்கிகள் இடைவெளிக்குப் பதில் புள்ளி வைத்து `1.846,20` என்று அச்சிடும். ஆங்கில வழக்கத்துக்குப் பழகிய கண் அதை ஒன்றே சொச்சம் என்று வாசித்துவிடும். குறிகளை மட்டும் ஆங்கில முறைக்கு மாற்றி, அப்படி மாற்றியிருப்பதை முதல் பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பாகச் சொல்லிவிடுவது என் பார்வையில் சிறந்தது. மூலத்தில் உள்ளபடியே விட்டுக் குறிப்பு எழுதுவோரும் உண்டு, அதுவும் தவறல்ல. ஒரு பக்கத்தில் இப்படியும் மறு பக்கத்தில் அப்படியும் கலந்து எழுதுவதுதான் ஆபத்து. லட்சக் கணக்கில் புள்ளி வைத்துப் பழகிய நம்மவர்கள் `1,25,000` என்று தட்டிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எண் சரியாக வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஸ்டேட்மெண்டே வழி தருகிறது. எடுத்துக்காட்டுக்கு ஒரு மார்ச் மாதத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தொடக்க இருப்பு 2,318.74 யூரோ. வரவில் சம்பளம் 1,846.20, குடும்ப உதவி 212.40, வங்கியில் போட்ட காசோலை 350.00, மொத்தம் 2,408.60. பற்றில் வாடகை 780.00, மின்சாரம் 94.63, ஏ.டி.எம். 200.00, அட்டையில் மளிகை 63.18, வங்கிக் கட்டணம் 7.90, கடன் தவணை 185.36, மொத்தம் 1,331.07. தொடக்கத்தோடு வரவைக் கூட்டிப் பற்றைக் கழித்தால் 3,396.27 வரும். ஸ்டேட்மெண்டின் அடியில் அச்சாகியிருப்பதும் அதுவே.

இப்போது மொழிபெயர்ப்பில் தட்டச்சு செய்த எண்களைக் கொண்டே, மூலத்தைப் பார்க்காமல், இதே கணக்கைப் போட வேண்டும். விடை 3,395.64 என்று வருகிறது என வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 63 சென்ட். 63 ஒன்பதால் வகுபடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்பது கணக்கப்பிள்ளைகளின் பழைய பாடம். ஆகவே இடம் மாறிய இலக்கத்தைத் தேட, மளிகை வரியில் 63.18 என்பது 63.81 ஆகியிருப்பது அகப்படும். ஒன்பதால் வகுபடுவதற்கு வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.

விடை 2,696.27 என்று வந்தால் கதை வேறு. வித்தியாசம் சரியாக 700. அதில் பாதி 350. காசோலை வரவுப் பத்தியிலிருந்து பற்றுப் பத்திக்குப் போய்விட்டது. பத்தி மாறிய தொகை எப்போதும் இரண்டு மடங்காகத்தான் தெரியும், ஒரு தரம் வராமல் போனதால், இன்னொரு தரம் கழிந்ததால். மேலே சொன்ன `REM CHQ` பொறி பெரும்பாலும் இங்கேதான் பிடிபடும்.

இந்தச் சோதனை பிடிக்காதவையும் உண்டு. இரண்டு வரிகளின் தொகை ஒன்றுக்கொன்று மாறிப்போனால் மொத்தம் அசையாது. தேதி தவறினாலும் மொத்தத்துக்குத் தெரியாது. நாள் முன்னா மாதம் முன்னா என்ற குழப்பம் வராமலிருக்க மாதத்தை எழுத்தில் எழுதிவிடலாம். கணக்கு எண்ணுக்குத் தனியாக உட்கார வேண்டும். பிரெஞ்சுக் கணக்கின் பன்னாட்டு எண் 27 எழுத்தும் இலக்கமும் கொண்டது. நான்கு நான்காகப் பிரித்து, ஒருவர் வாசிக்க இன்னொருவர் பார்ப்பது இன்றும் நல்ல வழிதான். மூன்று மாத ஸ்டேட்மெண்ட் வைக்கும்போது ஜனவரியின் முடிவு இருப்பும் பிப்ரவரியின் தொடக்க இருப்பும் ஒன்றாக இருக்க வேண்டும், பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் அப்படியே. இல்லையென்றால் நடுவில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது.

பக்கத்தின் அடியிலுள்ள பொடி எழுத்தையும் விடக்கூடாது. முழு மொழிபெயர்ப்பு என்றால் அதுவும் சேர்ந்துதான். வங்கி மூழ்கினால் வைப்புத்தொகையில் 100,000 யூரோ வரை காப்பு உண்டு என்ற அறிவிப்பு பல ஸ்டேட்மெண்டுகளில் அங்கே நிற்கும். அந்த வரியை மொழிபெயர்க்காமல் எண்ணை மட்டும் பார்வைக்கு விட்டால், ஃபைலிலேயே பெரிய தொகை சம்பந்தமில்லாத இடத்தில் தொங்கும்.

பிரான்ஸில் நீதிமன்றப் பட்டியலில் உள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கள் முத்திரையிட்டுத் தருவார்கள். பிரிட்டன் விசாவுக்கு அந்தப் பட்டியல் கட்டாயமல்ல. மேலே சொன்ன உறுதிமொழியும் விவரங்களும் போதும். இதே குடும்பம் டொராண்டோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக விண்ணப்பித்தால் ஸ்டேட்மெண்டை மொழிபெயர்க்கவே வேண்டாம். கனடாவின் குடிவரவுத் துறை பிரெஞ்சு ஆவணத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளும்.